அந்தக் கடிதம் ஏன் தபாலில் சேரவில்லை?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள் பள்ளிச் சிறுகதைப் போட்டிக்கு எழுத வேண்டும். "பரணில் அனுப்பப்படாத பழைய கடிதங்களைக் கண்டெடுக்கும் சிறுமி" என்பது கொடுக்கப்பட்ட கரு. 800 சொற்களுக்குள் இருக்க வேண்டுமாம். பரணில் ஏறுகிறாள், கடிதம் கிடைக்கிறது, படிக்கிறாள், அழுகிறாள் என்பதற்கு மேல் கதை நகரவில்லை. எப்படி எழுதலாம்?

பதில்:

உங்கள் மகளின் கதை நின்ற இடத்தில்தான் இந்தக் கருவில் எழுதப்படும் பெரும்பாலான கதைகளும் நிற்கின்றன. பள்ளிப் போட்டிகளுக்கு வரும் கதைகளைப் பல ஆண்டுகள் திருத்திய தமிழாசிரியன் என்ற முறையில், அதற்கு நான் கண்ட காரணத்தை முதலில் சொல்கிறேன். பிள்ளைகள் "கடிதத்தில் என்ன இருந்தது" என்பதை யோசிக்கிறார்கள். "அது ஏன் அனுப்பப்படவில்லை" என்பதை யோசிப்பதில்லை. கருவில் இருக்கும் "அனுப்பப்படாத" என்ற ஒரு சொல்லில்தான் முழுக் கதையும் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் எஞ்சுவது பழைய கடிதம் ஒன்றைப் படித்த அனுபவம் மட்டுமே. ஆகவே உங்கள் மகள் பேனாவைத் திறப்பதற்கு முன், ஏன் அனுப்பப்படவில்லை என்பதற்கான விடையை ஒரே வாக்கியத்தில் எழுதிவைத்துக்கொள்ளட்டும். அந்த வாக்கியம் பிடிபட்டால் யாருடைய வீடு, எந்தக் காலம், என்ன முடிவு என்பவை அதிலிருந்தே வந்துவிடும்.

அனுப்பாத கடிதம் எப்போதும் எழுதியவரின் வீட்டில்தான் கிடக்கும், பெறவேண்டியவரின் வீட்டில் கிடக்காது. சொன்னால் எளிதாகத் தோன்றும் இந்த உண்மையை மறந்து எழுதப்பட்ட கதைகள் மிகப் பல. தாத்தா வெளிநாட்டில் இருந்தபடி பாட்டிக்கு எழுதி அனுப்பாமல் விட்ட கடிதங்களை, ஊரில் இருக்கும் பாட்டி வீட்டுப் பரணில் பேத்தி கண்டெடுப்பாள். அவை அங்கே எப்படி வந்தன என்று படிப்பவர் கேட்ட அந்த நொடியில் கதை கலைந்துவிடும். தாத்தாவின் பெட்டியோடு ஊருக்கு வந்து சேர்ந்தன என்று எழுதலாம்தான். ஆனால் அதற்கு ஒரு பத்தி செலவாகும், 800 சொல்லில் அது பெரிய செலவு.

அனுப்பப்படவில்லை என்பது சிறுமிக்கு எப்படித் தெரிகிறது என்பதும் இதோடு சேர்ந்தது. "இவை அனுப்பப்படாத கடிதங்கள் என்று அவளுக்குப் புரிந்தது" என்று எழுதினால் அது ஆசிரியர் சொல்வதாக இருக்குமே தவிர, அவள் கண்டதாக இருக்காது. உறையாக இருந்தால் தபால்தலை ஒட்டியிருக்கும், அதன்மேல் அஞ்சலக முத்திரை விழுந்திருக்காது. இன்லாண்டு லெட்டராக இருந்தால் பசை ஓரம் நனையாமல் அப்படியே பளபளப்பாக இருக்கும். முத்திரை விழுந்த கடிதம் வீட்டில் இருந்தால், அது போய்ச் சேர்ந்த கடிதமாகவோ, பெறுநர் கிடைக்காமல் திரும்பி வந்த கடிதமாகவோ இருக்க வேண்டும். திரும்பி வந்த கடிதத்துக்கு வேறொரு கதை உண்டு. இந்தக் கருவோடு அதைக் கலக்க வேண்டாம். காலத்தைக் காட்டவும் இத்தகைய அடையாளங்கள் உதவும். பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது என்பதால், 1965இல் எழுதியதாகச் சொல்லும் முகவரியில் ஆறு இலக்க எண் இருக்கக் கூடாது. மதராஸ் என்ற பெயர் அரசு வழக்கில் சென்னை என்று மாறியது 1996இல். இவற்றை எல்லாம் கதைக்குள் கொட்டுமாறு நான் சொல்லவில்லை. பொருத்தமான ஒன்று போதும். பொருந்தாத ஒன்று இருந்தாலும் அது உறுத்தும்.

இனி ஒரு காரணத்தை எடுத்துக்கொண்டு கதையாக்கிப் பார்க்கலாம். உங்கள் மகள் இதை அப்படியே எழுதக் கூடாது. காரணம் எப்படிக் கதையாக விரிகிறது என்று காட்டவே செய்கிறேன்.

மணமாகி வேற்றூர் போன ஒரு பெண் தன் தாய்க்குக் கடிதம் எழுதுகிறாள். தாய்க்குப் படிக்கத் தெரியாது. 1971 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியப் பெண்களில் எழுத்தறிவு பெற்றவர்கள் நூற்றுக்கு 22 பேர்தான். கிராமத்தில் அதைவிடவும் குறைவு. ஆகவே மகளின் கடிதத்தை வேறு யாராவது தாய்க்கு வாசித்துக்காட்ட வேண்டும். தபால்காரரோ, வாத்தியாரோ, தெருமுனைக் கடைக்காரரோ வாசிப்பார். இந்தக் கதையில் வாசிப்பவர் கடைக்கார மாமா. அவர் அந்தப் பெண்ணின் மாமியாருக்கு ஒன்றுவிட்ட தம்பி, சம்பந்தத்தைப் பேசி முடித்தவரும் அவரே. அப்படியானால் புகுந்த வீட்டில் படும் பாட்டை அவள் கடிதத்தில் எழுத முடியாது. வாய்விட்டு வாசிக்கப்படும் கடிதத்தில் "இங்கு யாவரும் நலம், உங்கள் நலமறிய ஆவல்" என்பதைத் தவிர வேறெதுவும் எழுத வழியில்லை. அதை எழுதி அனுப்பிவிட்டு, உண்மையை வேறொரு தாளில் எழுதி ஒளித்துவைக்கிறாள். நமக்கு வேண்டிய ஒற்றை வாக்கியம் இதோ கிடைத்துவிட்டது: தாய்க்கு எழுதியதைத் தாயைத் தவிர எல்லாரும் படிப்பார்கள் என்பதால் அவள் அனுப்பவில்லை.

இந்தக் காரணத்தை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. காதல் தோல்வி, போருக்குப் போனவர், குடும்பப் பகை என்று வழக்கமாக வரும் காரணங்களில் யாரோ ஒருவர் கெட்டவராகவோ, விதி கொடியதாகவோ ஆகிவிடுகிறது. இதில் எழுத்து என்பதே தடையாக இருக்கிறது. எழுதத் தெரிந்த மகளுக்கும் படிக்கத் தெரியாத தாய்க்கும் நடுவே ஒரு மூன்றாம் மனிதர் நிற்கிறார். அந்த மூன்றாம் இடத்தில்தான் கதையின் முடிவில் நம் சிறுமியைக் கொண்டுபோய் நிறுத்தப் போகிறோம்.

எழுதியவள் சிறுமியின் அப்பத்தா. அப்பாவைப் பெற்றவள், அதாவது இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள். எழுதியவரின் வீடு என்ற நிபந்தனை அதனால் நிறைவேறிவிடுகிறது. காலம் 1974 என்று வைத்துக்கொள்வோம்; அன்று அவளுக்குப் பத்தொன்பது வயது என்றால் இன்று எழுபது. பேத்திக்குப் பதினான்கு. இந்தக் கணக்கை ஒரு துண்டுத் தாளில் போட்டுப் பார்த்துவிட வேண்டும். சுதந்திரப் போராட்டக் காலத்தில் வாலிபராக இருந்தவரை இன்று எட்டாம் வகுப்புப் பெண்ணின் தாத்தாவாக்கிய கதைகளை நான் நிறையப் படித்திருக்கிறேன்.

எதில் எழுதினாள்? இங்கே சற்று நிதானிக்க வேண்டும். இன்லாண்டு லெட்டருக்குக் காசு வேண்டும், அதைக் கணவனிடமோ மாமியாரிடமோ கேட்டு வாங்க வேண்டும். அனுப்பப் போவதில்லை என்று தெரிந்த கடிதத்துக்கு அவள் அதைக் கேட்டிருக்க மாட்டாள். வீட்டில் இலவசமாகக் கிடைத்த தாள், சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியில் அன்றாடம் கிழிக்கும் தாள். முன்பக்கம் தேதி, கிழமை, தமிழ் மாதம், ராகுகாலம், பின்பக்கம் வெறுமை. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். கரிக்கோலால் எழுதியிருப்பாள். மை மங்கும், நீர் பட்டால் பரவும். கரிக்கோல் எழுத்து ஐம்பது ஆண்டு கழித்தும் அப்படியே இருக்கும். தாளோ மலிவுத் தாள் என்பதால் மஞ்சளேறி, மடித்த இடத்தில் ஒடியும். இந்த ஒரு தேர்வால் மூன்று காரியங்கள் முடிந்துவிடுகின்றன. கடிதத்தின் தேதியைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, அது மறுபக்கத்தில் அச்சிட்டே இருக்கிறது. கடிதம் சுருக்கமாகத்தான் இருக்க முடியும், ஏனென்றால் தாளில் இடமில்லை. பெறுநர் முகவரி, உறை, தபால்தலை எதற்கும் இடமே இல்லாததால், அனுப்பும் எண்ணம் அவளுக்கு எப்போதும் இருந்ததில்லை என்பது பார்த்தவுடனே தெரிகிறது.

எங்கே வைத்தாள் என்பதும் அதே அளவு முக்கியம். டிரங்குப் பெட்டி என்று எழுதத்தான் கை முதலில் போகும். ஆனால் கூட்டுக் குடும்பத்தில் மருமகளின் பெட்டியைத் திறக்க யாருக்கும் தடையில்லை. அதோடு பரணில் எலி உண்டு, கரையான் உண்டு, தாளைத் துளைக்கும் இராமபாணப் பூச்சி உண்டு. ஐம்பது ஆண்டு ஒரு தாள் அங்கே பிழைத்திருக்க வேண்டுமானால் அதற்கு நம்பத்தக்க காப்பு வேண்டும். மூடி இறுகிய பித்தளைத் தூக்குவாளி ஒன்றை வைத்துப் பாருங்கள். அது அவளுடைய தாய் வீட்டுச் சீர். நம் ஊரில் சீர்ப் பாத்திரத்தில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டிக் கொடுப்பது வழக்கம். அந்தத் தூக்குவாளியில் தாயின் பெயர் வெட்டியிருக்கிறது. பெறுநரின் பெயர் கடிதத்தில் இல்லை, அதை வைத்திருந்த பாத்திரத்தில் இருக்கிறது. அனுப்ப முடியாததைத் தாயின் பெயர் போட்ட பாத்திரத்தில் போட்டு மூடினாள் என்பதைக் கதை எங்கும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதே இல்லை.

இப்போது தொடக்கம். பெரும்பாலான கதைகள் பரணுக்கு ஏறுவதற்கே கால் பங்கை எடுத்துக்கொள்கின்றன: விடுமுறை, பயணம், கிராமத்தின் அழகு, பாட்டியின் அன்பு, பிறகு ஏணி. அத்தனையையும் விட்டுவிட்டு, சிறுமி ஏற்கெனவே பரணில் இருப்பதாகத் தொடங்கலாம்.

"கயல் தூக்குவாளியை ஆட்டிப் பார்த்தாள். உள்ளே காய்ந்த இலை உரசுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. மூடி திறக்கவில்லை. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த அப்பத்தா, 'அண்டா கிடைச்சதா இல்லையா?' என்று கேட்டாள். அப்பத்தாவின் முகம் இவள் இருந்த பக்கம் பார்க்கவில்லை. கண்ணில் புரை வந்ததிலிருந்து அவள் சத்தம் வரும் திசையைத்தான் பார்ப்பாள். கயல் பாவாடை நுனியால் மூடியைப் பிடித்துத் திருகினாள். புளி வாசம் வந்தது. உள்ளே நாட்காட்டித் தாள்கள்."

ஏறத்தாழ ஐம்பது சொற்கள்தான். யார் இருக்கிறார்கள், எதற்காகப் பரணில் ஏறினாள், அப்பத்தாவுக்குப் பார்வை இல்லை என்பவை வந்துவிட்டன. கண்புரையை இங்கேயே சொல்லிவிட்டது தற்செயலாகச் செய்ததன்று. முடிவுக்குத் தேவைப்படும் எதையும் முடிவுக்கு அருகில் அறிமுகப்படுத்தக் கூடாது. அப்படிச் செய்தால் வசதிக்காகச் சேர்த்ததாகத் தெரியும். அப்பத்தாவை உயிரோடு வைத்திருப்பதையும் கவனியுங்கள். எழுதியவர் இறந்துபோயிருந்தால் சிறுமிக்கு அழுவதைத் தவிரச் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. உங்கள் மகளின் கதை "படிக்கிறாள், அழுகிறாள்" என்பதில் நின்றதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

அடுத்தது கடிதம். அந்த ஏழெட்டு வரியில்தான் கதை நிற்கவோ விழவோ செய்யும். ஒரு கடிதத்தை மட்டும் முழுதாகக் கொடுத்தால் போதும். மற்றவை இருக்கின்றன என்று தெரிந்தால் சரி. தாளின் முன்பக்கத்தில் 1974 ஜூலை 8, திங்கட்கிழமை, ஆனி மாதம். பின்பக்கம் இது:

"அன்புள்ள அம்மாவுக்குச் செல்லம் எழுதிக்கொண்டது. நலம் என்று வெள்ளிக்கிழமை போட்ட கடுதாசியை மாமா வாசித்திருப்பார். இது அவருக்கு இல்லை. நேற்று ராத்திரி எல்லாரும் சாப்பிட்டு எழுந்தபோது பானையில் சோறு இல்லை. பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். கிணற்றுக் கயிறு கையை அறுக்கிறது. வேப்பெண்ணெய் போட்டுக்கொண்டேன். தூக்குவாளியில் இன்னும் நம் வீட்டுப் புளி வாசம் போகவில்லை."

இதில் அவள் குறை சொல்லவில்லை, யாரையும் திட்டவில்லை. மாமியார் கொடுமை என்ற சொல்லே இல்லை. பானையில் சோறு இல்லை, பசிக்கவில்லை என்று சொன்னாள் என்ற இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் படிப்பவரே மீதியை எட்டிவிடுவார். பிள்ளைகள் எழுதும் கடிதங்களில் நான் காணும் பெரிய பிழை, பெறுபவருக்கு ஏற்கெனவே தெரிந்ததைப் படிப்பவருக்காகச் சொல்வது. "அம்மா, எனக்குப் போன ஆண்டு தை மாதம் திருமணம் நடந்து நான் இந்த ஊருக்கு வந்தேன் அல்லவா" என்று எந்த மகளும் தாய்க்கு எழுத மாட்டாள். பிழையைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. ஒவ்வொரு வரியையும் எடுத்து, அந்தத் தாய்க்கு இது புதுச் செய்தியா என்று கேட்க வேண்டும். இல்லை என்றால் அந்த வரி கடிதத்தில் இருக்கக் கூடாது. மாமா யார், அவர் ஏன் வாசிப்பார் என்பது தாய்க்குத் தெரியும் என்பதால்தான் கடிதத்தில் அதற்கு விளக்கம் இல்லை. அந்த விளக்கத்தைப் பிறகு அப்பத்தாவின் வாயால் ஒரே வரியில் வரவழைத்துக்கொள்ளலாம்.

கடிதம் கிடைத்தாயிற்று. ஆனால் சிறுமி அதை வழுக்கிக்கொண்டு படித்து முடித்துவிட்டால், மறுபடியும் பழைய இடத்துக்கே வந்துவிடுவோம். படிப்பதற்கு ஒரு தடை வேண்டும், அந்தத் தடை எழுதியவளிடம் அவளைக் கொண்டுபோக வேண்டும். அந்தத் தடையைத் தமிழ் எழுத்தே தருகிறது. நாம் இன்று எழுதும் ணை, லை, ளை, னை ஆகிய நான்கும் 1978க்கு முன் வேறு வடிவில் இருந்தன. இப்போதுபோல் இணைக்கொம்பு தனியாக முன்னால் நிற்காமல், எழுத்தோடு ஒட்டி, யானைத் துதிக்கைபோல் வளைந்து தொங்கும். ணா, றா, னா ஆகியவற்றுக்கும் அவற்றோடு சேர்ந்த ஒகர, ஓகார எழுத்துகளுக்கும் அப்படியே வேறு வடிவம் இருந்தது. பெரியார் தம் இதழ்களில் நெடுங்காலம் கையாண்ட சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978 அக்டோபரில் ஆணையாக்கியபோது இந்தப் பதின்மூன்று எழுத்துகள் மாறின. 1960களில் ஐந்தாம் வகுப்பு வரை படித்த ஒரு பெண் பழைய வடிவத்தில்தான் எழுதியிருப்பாள். இன்றைய ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கு அது முன்பின் காணாத எழுத்து.

இப்போது நம் கடிதத்தை மறுபடி பாருங்கள். இது அவருக்கு இல்லை, பானையில் சோறு இல்லை, பசிக்கவில்லை, வாசம் போகவில்லை. கடிதத்தின் முக்கியமான சொல் ஒவ்வொன்றும் "லை" என்று முடிகிறது. "பானை" என்பதில் உள்ள னையும் அதே வகை. கயலுக்கு எல்லாம் படிக்க வருகிறது, கடைசி எழுத்து மட்டும் வரவில்லை. பானையில் சோறு இருந்ததா இல்லையா என்பதுதான் அவளுக்குத் தெரியாமல் போகிறது. இதை நான் முதலில் திட்டமிட்டுச் செய்யவில்லை. கடிதத்தை எழுதிவிட்டு, எழுத்துச் சீர்திருத்தத்தை நினைத்தபோது இந்தப் பொருத்தம் தானாகக் கண்ணில் பட்டது. நுணுக்கமான விவரம் ஒன்றை உண்மையாகப் பிடித்துக்கொண்டால் அது இப்படிக் கதைக்கு வேலை செய்யும்.

அவள் கீழே இறங்கி வந்து அப்பத்தாவைக் கேட்கிறாள். தாளைக் காட்டிப் பயனில்லை, அப்பத்தாவுக்குக் கண் தெரியாது. ஆகவே அந்த எழுத்தை அப்பத்தாவின் உள்ளங்கையில் விரலால் வரைகிறாள்.

"'இது என்ன எழுத்து அப்பத்தா?' சுருக்கம் விழுந்த கையில் கயலின் விரல் வளைந்து இறங்கியது. 'மறுபடி போடு,' என்றாள் அப்பத்தா. கயல் மறுபடி வரைந்தாள். 'லை. நாங்க படிச்ச லை. இப்ப யாரு இதைப் போடுறா?' சொல்லி முடித்த பிறகுதான் அவள் கை மெல்ல மூடிக்கொண்டது. 'எங்கே பார்த்தே இதை?'"

"அப்பத்தா அதிர்ச்சி அடைந்தாள்" என்று எழுத வேண்டிய இடத்தில் ஒரு கை மூடிக்கொள்கிறது. அவ்வளவு போதும். இதற்குப் பிறகு அப்பத்தா ஒரு நீண்ட கதை சொல்லத் தொடங்கிவிடக் கூடாது என்பதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். பெரியவர் உட்கார்ந்து பழங்கதை முழுவதையும் சொல்லி முடிப்பது இத்தகைய கதைகளில் அடிக்கடி நடக்கும் விபத்து. அது வந்துவிட்டால் கடிதம் எதற்கு என்று ஆகிவிடும். நம் கதையில் அப்பத்தா இரண்டே செய்திகளைச் சொன்னால் போதும்: "எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கடைக்கார மாமாதான் வாசிப்பாரு, அவரு இந்த வீட்டு ஆளு." பிறகு அவள் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: "வாசி, கேப்போம்." ஐம்பது ஆண்டுகளாகத் தாய்க்கு வாசிக்கப்படாததை, எழுதியவளே, கண் தெரியாததால் இன்னொருவர் வாசிக்கக் கேட்க வேண்டியிருக்கிறது. தாயின் இடத்தில் இப்போது அவள் இருக்கிறாள். கடைக்கார மாமாவின் இடத்தில் பேத்தி இருக்கிறாள்.

முடிவும் இந்த இடத்திலிருந்துதான் வர வேண்டும். கயல் வாசித்துக்கொண்டிருக்கும்போது அப்பா உள்ளே வருகிறார். சுவரில் சந்தன மாலையோடு இருக்கும் படம் அவரை வளர்த்த பாட்டியுடையது, அதாவது அப்பத்தாவின் மாமியார். அப்பா வெளியே போகும்போதும் வரும்போதும் அந்தப் படத்தைத் தொட்டுக் கும்பிடுவார் என்பதை முன்பே, கயல் பரணிலிருந்து இறங்கி வரும் இடத்தில் போகிறபோக்கில் சொல்லிவைக்க வேண்டும். இனி கயல் என்ன செய்வாள்?

"'என்ன வாசிக்கிறே?' என்றார் அப்பா, படத்தைத் தொட்ட கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டே. 'அப்பத்தா அவங்க அம்மாவுக்கு எழுதின கடுதாசிப்பா.' 'அப்படியா? சத்தமா வாசி, நானும் கேக்குறேன்.' கயல் தாளைப் பார்த்தாள். அப்பத்தா சத்தம் வரும் திசையில் முகத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். 'இங்கே யாவரும் நலம்,' என்று கயல் வாசித்தாள். 'உங்கள் நலமறிய ஆவல்.' அப்பா சிரித்துக்கொண்டே உள்ளே போனார். அப்பத்தா கயலின் உள்ளங்கையை விரித்து, அதில் அந்தத் துதிக்கை எழுத்தை ஒருமுறை வரைந்தாள்."

கதை இங்கே நிற்க வேண்டும். அந்தத் தாளில் இல்லாத வரியை அவள் வாசித்தாள் என்பதைக்கூட எழுத வேண்டாம், கடிதத்தை நாம் முன்பே படித்திருக்கிறோம். 1974இல் அப்பத்தா என்ன செய்தாளோ அதையே கயலும் செய்கிறாள். கடிதம் இரண்டாவது முறையும் அனுப்பப்படாமல் போகிறது. அப்பத்தா வரைந்த எழுத்து நன்றியா, "அப்படி இல்லை" என்ற மறுப்பா, இருவருக்கும் பொதுவாகிவிட்ட ஓர் அடையாளமா என்பதைப் படிப்பவரிடம் விட்டுவிடலாம். "கயலின் கண்கள் குளமாயின", "கடிதங்கள் அழிந்தாலும் அன்பு அழிவதில்லை" என்பன போன்ற வரிகளைச் சேர்க்கச் சொல்லி உங்கள் மகளிடம் யாராவது கேட்டால், மறுத்துவிடச் சொல்லுங்கள். சில நடுவர்கள் நீதி எதிர்பார்ப்பார்கள் என்பது உண்மைதான். என் அனுபவத்தில், கதை உண்மையாக இருந்தால் நீதி இல்லாததற்காக யாரும் மதிப்பெண் குறைத்ததில்லை.

சொல் கணக்கைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். பரணும் கண்டெடுத்தலும் 200 சொற்களுக்குள், படிக்க முயல்வது கடிதத்தோடு சேர்த்து 200, உள்ளங்கைக் காட்சிக்கு 200, அப்பா வந்த பிறகு 150 என்று போனால் 750 ஆகிறது. மீதி ஐம்பதைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளலாம். குறைக்க வேண்டி வந்தால் முதல் பகுதியில் குறைக்க வேண்டும், உள்ளங்கைக் காட்சியில் கை வைக்கக் கூடாது. உரையாடல் பேச்சுத்தமிழில் இருக்கலாமா என்று சில பள்ளிகளில் ஐயம் எழுப்புவார்கள். கதை சொல்லும் நடை எழுத்துத்தமிழில் இருந்து, ஆட்கள் பேசுவது மட்டும் அவரவர் வாய்மொழியில் இருந்தால் பிழையாகாது. விதிமுறைத் தாளில் தடை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கடிதம் மூன்றாவது வகை நடை: ஐந்தாம் வகுப்புப் படிப்போடு, கடிதம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று கற்றுக்கொண்ட ஒருத்தி எழுதியது. "எழுதிக்கொண்டது" என்று தொடங்கும் அந்தச் சம்பிரதாய வரி அதனால்தான் அங்கே இருக்கிறது.

உங்கள் மகள் தன் கதைக்குத் தன் காரணத்தைத் தேடிக்கொள்ள, வீட்டில் இருக்கும் மூத்த பெண்மணி ஒருவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: "உங்களுக்கு வந்த கடிதங்களை யார் வாசித்துக்காட்டுவார்கள், உங்களுக்காக யார் எழுதிக்கொடுப்பார்கள்?" யாருக்காவது எழுத நினைத்து எழுதாமல் விட்டதுண்டா என்று நேரடியாகக் கேட்டால் பெரும்பாலும் இல்லை என்றே சொல்வார்கள். வாசித்தவர் யார் என்று கேட்டால் பேச்சு தானாக வளரும். எதை எழுதவிடாமல் தடுத்தது எது என்பது அந்தப் பேச்சுக்குள் வரும். கதையை எழுதி முடித்ததும் அவரிடமே வாய்விட்டு வாசித்துக்காட்டச் சொல்லுங்கள். கிணற்றுக் கயிறு கையை எந்த இடத்தில் அறுக்கும், தூக்குவாளி மூடி எந்தப் பக்கம் திருகும் என்பதில் தவறு இருந்தால், அவர் அந்த வரியிலேயே நிறுத்திச் சொல்லிவிடுவார்.